அம்மை கண்ட வாரத்தில் தேர்வு: மாற்று நாள் கேட்டு முதல்வருக்குக் கடிதம் எழுதும் முறை

கலை அறிவியல் கல்லூரிகளில் மார்ச் மாதம் பிறந்ததும் அகமதிப்பீட்டுத் தேர்வும் செய்முறைத் தேர்வும் அடுத்தடுத்து வந்து நிற்கும். வெயில் ஏறத் தொடங்கும் அதே நாட்களில்தான் விடுதிகளிலும் வகுப்புகளிலும் சின்னம்மையும் தலைகாட்டும். காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தேர்வுக்கு வந்துவிடலாம். அம்மை கண்டவர் வர விரும்பினாலும் வரக்கூடாது. ஆகவே தேர்வு நாளை மாற்றித் தரும்படி முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை முதலாமாண்டு மாணவர் பலருக்கு முதன்முதலாக இந்த நோயால்தான் ஏற்படுகிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் முதலாமாண்டு வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் செய்ய வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காகப் புனைந்துகொண்ட நிலைமைதான். ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எல்லாம் துறை அறைகளில் ஆண்டுதோறும் காணக் கிடைப்பவை.

அவருக்கு 2025 மார்ச் 9, ஞாயிறு மாலையில் கொப்புளங்கள் தெரிகின்றன. இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வுகள் 12, 13, 14, 17 ஆகிய நாட்களில் நடக்கவுள்ளன. செய்முறைத் தேர்வு 18 முதல் 21 வரை நாளுக்கு ஒரு பிரிவாக நடக்கிறது. பதிவெண் வரிசைப்படி இவர் முதல் பிரிவில், அதாவது 18ஆம் தேதியில் இருக்கிறார். பல்கலைக்கழக எழுத்துத் தேர்வு ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கும்.

முதலில், எந்தத் தேர்வு யார் கையில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கடிதங்கள் பெரும்பாலும் பிசகுவது இந்த இடத்தில்தான். "வரவிருக்கும் தேர்வுகளை எல்லாம் வேறு நாளில் எழுத அனுமதிக்க வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்டால், முதல்வரால் செய்யக்கூடியதும் செய்ய முடியாததும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடும். அப்படிப்பட்ட கடிதத்தை எந்த மேசையும் "பார்க்கலாம்" என்று ஓரமாக வைத்துவிடும்.

அகமதிப்பீட்டுத் தேர்வு கல்லூரியே நடத்துவது. வினாத்தாளை எடுப்பவரும் விடைத்தாளைத் திருத்துபவரும் உங்கள் ஆசிரியர்களே. எனவே மறுதேர்வுக்கு அனுமதிக்க முதல்வருக்கும் துறைத்தலைவருக்கும் முழு இடமுண்டு. அவர்களுக்கு உள்ள ஒரே கட்டு, அகமதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி முடிக்க வேண்டிய கடைசி நாள். கடிதம் எழுதும் முன் அந்த நாளை வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: பருவத்தில் நடக்கும் அகமதிப்பீட்டுத் தேர்வுகள் அனைத்தும் கணக்கில் வருகின்றனவா, அல்லது சிறந்த இரண்டு மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகின்றனவா? இரண்டாவது முறை உங்கள் கல்லூரியில் இருந்து, மற்ற தேர்வுகளை நீங்கள் ஒழுங்காக எழுதியும் இருந்தால், இந்தக் கோரிக்கையே தேவையில்லாமல் போகலாம்.

செய்முறைத் தேர்வின் நிலை வேறு. அது பல்கலைக்கழகத் தேர்வு; வெளிக் கல்லூரியிலிருந்து புறத்தேர்வாளர் வருகிறார்; குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே இருப்பார்; மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட்டு, உறையில் வைத்து முத்திரையிட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் போன பிறகு ஒரு மாணவருக்காக மட்டும் திரும்ப வரவழைப்பது நடக்காத காரியம். ஆனால் அவர் இருக்கும் நாட்களுக்குள் ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு மாற்றுவது நடக்கக் கூடியது. ஆகவே இங்கே கேட்க வேண்டியது புதிய நாள் அல்ல, பிரிவு மாற்றம். நம் மாணவருக்கு 18க்குப் பதிலாக 21 கிடைத்தால் போதும்.

பல்கலைக்கழக எழுத்துத் தேர்வின் தேதியை முதல்வரால் நகர்த்த முடியாது. அந்த நாட்களில் அம்மை கண்டால் தேர்வு மையத்தில் தனி அறையில் அமர்ந்து எழுத இடம் தரும்படி கேட்கலாம். அது நாள் மாற்றும் கோரிக்கை அல்ல, அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். நம் மாணவர் ஏப்ரலுக்குள் தேறிவிடுவார் என்பதால் எழுத்துத் தேர்வைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூடத் தேவையில்லை.

மருத்துவரிடம் முதல் நாளே போய்விடுங்கள்

அம்மை என்றதும் நம் வீடுகளில் பலரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. வாசலில் வேப்பிலை செருகி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, ஏழோ ஒன்பதோ நாள் கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு முடித்துக்கொள்வார்கள். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் பன்னிரண்டாம் நாள் கல்லூரிக்குத் திரும்பும்போது "சான்று எங்கே?" என்று கேட்பார்கள், தழும்பைக் காட்டினால் அது சான்றாகாது. அந்த நேரத்தில் யாரிடமாவது போய் முன்தேதியிட்டுச் சான்று வாங்குவது எழுதித் தருகிற மருத்துவருக்கும் தவறு, உங்களுக்கும் ஆபத்து. மருத்துவர் தாம் தரும் சான்றுகளுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. முன்தேதியிட்ட தாள் அந்தப் பதிவேட்டின் வரிசையோடு பொருந்தாது.

ஆகவே கொப்புளம் தெரிந்த மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டிவிடுங்கள். சான்றுக்காக மட்டும் சொல்லவில்லை. பெரியவர்களுக்குச் சின்னம்மை குழந்தைகளைவிடக் கடுமையாகவே வரும், அதற்கு மருத்துவர் வைரஸ் எதிர்ப்பு மருந்து தருவதானால் கொப்புளம் கிளம்பிய முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்குவதில்தான் பலன் அதிகம். புறநோயாளிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் அந்த நாளில் அங்கே போனதற்கு அதுவே முதல் ஆதாரம். வீட்டார் சித்த மருத்துவத்தையே விரும்பினால், பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. அங்கே தரும் சான்றைக் கல்லூரி ஏற்குமா என்று துறை அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

சான்றைக் கையில் வாங்கியவுடன் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். உங்கள் பெயர் கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நோயின் பெயர் "சின்னம்மை" என்று இருக்க வேண்டும்; வெறுமனே "அம்மை" என்றால் அது தட்டம்மையா சின்னம்மையா என்ற கேள்வி எழும், இரண்டுக்கும் ஒதுங்கியிருக்கும் நாட்கள் வேறு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓய்வு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். இவற்றில் அதிகம் விடுபட்டுப்போவது பதிவு எண்தான்.

தேதியைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கொப்புளங்கள் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே சின்னம்மை தொற்றும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். பெரும்பாலும் அதற்குக் கொப்புளம் கண்டதிலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். தலைக்கு ஊற்றும் நாள் வீட்டுக் கணக்கு. கடிதத்தில் இருக்க வேண்டியது பொருக்குத் தட்டும் நாளை வைத்து மருத்துவர் போட்ட கணக்கு. நம் மாணவருக்கு மருத்துவர் மார்ச் 10 முதல் 19 வரை பத்து நாள் எழுதித் தருகிறார். ஆகவே 20ஆம் தேதிக்கு முன் எந்த நாளையும் அவர் கேட்கக் கூடாது. 20ஐயும் கேட்காமல் 21ஐக் கேட்பது விவேகம், ஏனெனில் 20ஆம் தேதி உடற்தகுதிச் சான்று வாங்க ஒரு நாள் வேண்டும்.

கடிதத்துக்கு முன் ஒரு செய்தி

சான்று கிடைத்த அன்றே வகுப்பு ஆசிரியருக்கோ துறைத்தலைவருக்கோ தொலைபேசியில் சொல்லிவிட்டு, சான்றின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இது அனுமதி கேட்பது அல்ல, தகவல் சொல்வது மட்டுமே. நீங்கள் வெள்ளிக்கிழமை 7ஆம் தேதிவரை வகுப்பில் இருந்திருந்தால், உங்கள் பக்கத்தில் அமர்ந்தவருக்குத் தொற்றியிருக்க வாய்ப்புண்டு. தொற்றியவருக்கு நோய் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும் என்பதால், அவர்களுக்கு 17ஆம் தேதியிலிருந்து 28ஆம் தேதிக்குள், சரியாகச் செய்முறைத் தேர்வு வாரத்தில் தொடங்கி, கொப்புளம் வரலாம். வகுப்பிலோ துறையிலோ கருவுற்ற பெண்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தத் தகவல் உடனே தேவை. இப்படி முதல் நாளே சொன்னவரின் கடிதம் பின்னால் வரும்போது, அதை யாரும் சந்தேகத்தோடு பிரிப்பதில்லை.

அதே அழைப்பில், செய்முறைப் பதிவேட்டைப் பற்றியும் பேசிவிடுங்கள். நாம் ரெக்கார்டு என்று சொல்லும் அந்த நோட்டில் எல்லாச் சோதனைகளுக்கும் ஆசிரியர் கையெழுத்தும் முதல் பக்கச் சான்றில் துறைத்தலைவர் கையெழுத்தும் இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். பிரிவு மாற்றம் கிடைத்தும், நோட்டு வீட்டில் கையெழுத்தில்லாமல் கிடந்து, தேர்வன்று காலையில் ஓடித் திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தை எழுதுதல்

பள்ளியில் அனுப்புநர், பெறுநர் என்று தொடங்கி, பெயருக்குப் பதில் "அ அ அ" என்று போட்டு எழுதிப் பழகிய அதே கடித அமைப்புதான் இதற்கும். வித்தியாசம் உள்ளடக்கத்தில் இருக்கிறது. தேர்வுத்தாள் கடிதத்தில் பத்தி நிரம்ப வேண்டும். இந்தக் கடிதத்தில் முதல்வர் அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும்.

"தேர்வைத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற தொடரைத் தவிர்த்துவிடுங்கள். தள்ளிவைப்பது என்றால் எல்லோருக்கும் தள்ளிவைப்பது; அது மாணவர் பேரவை கேட்கும் கோரிக்கை. உங்களுக்கு வேண்டியது "எனக்கு மறுதேர்வு எழுத அனுமதி", "பிரிவு மாற்றம்" ஆகிய இரண்டே. அதேபோல "உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்று மழுப்பாமல் நோயின் பெயரையே எழுதுங்கள். வேறு நோய்களில் அதைச் சொல்லக் கூச்சம் இருக்கலாம், அப்போது சான்றைப் பார்க்கச் சொல்லி விட்டுவிடலாம். ஆனால் சின்னம்மையில் அந்தப் பெயரே உங்கள் வாதத்தின் பாதி.

கோரிக்கைகளின் வரிசையும் முக்கியம். அகமதிப்பீட்டுத் தேர்வு 12ஆம் தேதியே வருகிறதே என்று அதைத்தான் பலரும் முதலில் எழுதுவார்கள். ஆனால் அதற்கான மறுதேர்வை மாத இறுதிக்குள் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். செய்முறைப் பிரிவு மாற்றத்துக்கோ புறத்தேர்வாளர் வருவதற்குள் பட்டியல் திருத்தப்பட வேண்டும். ஆகவே காலம் தாண்டினால் சரிசெய்ய முடியாததை முன்னால் வைக்க வேண்டும்.

கடைசிப் பிரிவில் இடம் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. ஆய்வகத்தில் மேசைகளும் ப்யூரெட்டுகளும் எத்தனையோ அத்தனை பேர்தான் ஒரு பிரிவு. 21ஆம் தேதிப் பிரிவில் உள்ள ஒருவர் இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால் அவரிடம் ஒரு வரிச் சம்மதக் கடிதம் வாங்கி இணையுங்கள். இது கட்டாயம் இல்லை. ஆனால் இது இருந்தால் துறைத்தலைவர் யாரையும் தேட வேண்டியதில்லை, பட்டியலில் இரண்டு பதிவெண்களை மாற்றினால் போதும்.

நம் மாணவரின் கடிதம் இப்படி அமையலாம்:

அனுப்புநர்
அ அ அ,
பதிவெண் …,
முதலாமாண்டு இளம் அறிவியல் வேதியியல்.

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
… கல்லூரி,
(துறைத்தலைவர், வேதியியல் துறை வழியாக)

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: சின்னம்மை காரணமாகச் செய்முறைத் தேர்வில் பிரிவு மாற்றமும் இரண்டாம் அகமதிப்பீட்டில் மறுதேர்வும் வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். எனக்கு 09.03.2025 அன்று சின்னம்மை கண்டது. 10.03.2025 அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினேன். தொற்று நீங்கும்வரை, 10.03.2025 முதல் 19.03.2025 வரை, தனித்திருக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். இதை அன்றே வகுப்பு ஆசிரியருக்குத் தெரிவித்துவிட்டேன்.

எனக்குச் செய்முறைத் தேர்வு முதல் பிரிவில் 18.03.2025 அன்று ஒதுக்கப்பட்டுள்ளது. அதை நான்காம் பிரிவுக்கு, 21.03.2025 அன்றைக்கு, மாற்றித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அப்பிரிவில் உள்ள ஆ ஆ ஆ (பதிவெண் …) என்னுடன் பிரிவு மாற்றிக்கொள்ள இசைந்துள்ளார். என் செய்முறைப் பதிவேடு துறையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதில் கடைசி இரண்டு சோதனைகளுக்குக் கையெழுத்துப் பெற வேண்டியுள்ளது.

மார்ச் 12, 13, 14, 17 ஆகிய நாட்களில் நடைபெறும் இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வுகள் நான்கையும் என்னால் எழுத இயலாது. அகமதிப்பெண் அனுப்பும் கடைசி நாளுக்கு முன்பாக, 24.03.2025 முதல் 27.03.2025 வரை துறைக்கு ஏற்ற நாட்களில் மறுதேர்வு எழுத அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். கல்லூரிக்குத் திரும்பும் நாளில் உடற்தகுதிச் சான்றைச் சமர்ப்பிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மாணவர் கையொப்பம்)
(பெற்றோர் கையொப்பம்)

இடம்: …
நாள்: 11.03.2025

இணைப்பு: 1. மருத்துவச் சான்று. 2. புறநோயாளிச் சீட்டின் நகல். 3. பிரிவு மாற்றத்துக்கான மாணவரின் இசைவுக் கடிதம்.

இதில் "பணிவன்புடன்" ஒருமுறை வருகிறது, அது போதும். "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி, கருணை உள்ளத்தோடு" என்றெல்லாம் அடுக்கினால் தேதிகள் அந்தச் சொற்களுக்கு நடுவே புதைந்துபோகும். அகமதிப்பீட்டுக்கு ஒரு நாளைக் குறிக்காமல் நான்கு நாள் இடைவெளி தந்திருப்பதையும் கவனியுங்கள். எந்தப் பாடத்தை எந்த மணியில் வைப்பது என்பது ஆசிரியர்களின் வசதி. ஆனால் இடைவெளியே சொல்லாமல் "வேறொரு நாளில்" என்று விட்டால், அந்த நாள் வரவே வராது. வருகைப் பதிவுக் குறையைப் பற்றி இதில் எழுதவில்லை. பல பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு வருகை வேண்டும். பத்து நாள் விடுப்பால் அதற்குக் கீழே போனால், இதே சான்றின் நகலோடு பருவ இறுதியில் வேறொரு விண்ணப்பம் தர வேண்டும்.

கொடுப்பதும் பின்தொடர்வதும்

கடிதத்தை நீங்களே கொண்டுபோகாதீர்கள்; கொப்புளத்தோடு முதல்வர் அறை வாசலில் நிற்பது உங்கள் கடிதத்துக்கே முரண். அம்மை ஏற்கெனவே கண்ட பெற்றோரோ அண்ணனோ அக்காவோ எடுத்துச் செல்லட்டும். "வழியாக" என்று போட்டிருப்பதால் முதலில் துறைத்தலைவரிடம் போக வேண்டும்; அவர் "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே முதல்வர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். துறைத்தலைவரைத் தாண்டி நேரே கொடுத்தால், அது மறுபடி அவரிடமே கருத்துக் கேட்டுத் திரும்பி வரும்; அதற்குள் மூன்று நாள் போய்விடும், நம் மாணவருக்கு அந்த மூன்று நாள் இல்லை.

இரண்டு படி எடுத்துச் சென்று, ஒன்றில் தபால் பிரிவில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றின் மூலத்தை இணைப்பதானால் அதற்கு முன் நகல் எடுத்துவிட வேண்டும்.

முதல்வர் பெரும்பாலும் தனி ஆணை எழுதமாட்டார். உங்கள் கடிதத்தின் ஓரத்திலேயே அனுமதி என்று எழுதிக் கையெழுத்திட்டுத் துறைக்கு அனுப்புவார். அந்தப் பக்கத்தின் படம் உங்களிடம் இருக்க வேண்டும். "பார்த்துக்கலாம்ப்பா, வந்து எழுது" என்று ஆசிரியர் வாய்ச்சொல்லாகச் சொன்னதை மட்டும் நம்பி இருந்துவிட்டால், செய்முறைத் தேர்வன்று புறத்தேர்வாளர் கையில் உள்ள பட்டியலில் உங்கள் பதிவெண் 18ஆம் தேதியிலேயே, "வரவில்லை" என்ற குறிப்போடு இருக்கும். ஆகவே 14ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய பிரிவுப் பட்டியலில் உங்கள் எண் 21க்கு மாறிவிட்டதா என்று வகுப்புத் தோழர் ஒருவரை அறிவிப்புப் பலகையில் பார்க்கச் சொல்லுங்கள். மாறவில்லை என்றால் சனி, ஞாயிறு கழிந்து திங்கள் 17 ஒரு நாள்தான் மிச்சம். அன்று காலையிலேயே பெற்றோர் துறைத்தலைவரை நேரில் பார்க்க வேண்டும்.

பிரிவு மாற்றம் மறுக்கப்பட்டால், தனி அறையில் 18ஆம் தேதியே செய்முறையை வைக்கக் கேட்கலாமா என்று சிலர் நினைப்பார்கள். எழுத்துத் தேர்வுக்குத் தனி அறை கிடைக்கும். ஆய்வகத்துக்கு அது பொருந்தாது, குழாயும் தராசும் எல்லோருக்கும் பொது. அந்த நிலையில் 18 முடிவதற்குள் துறைத்தலைவர் வழியாக முதல்வரையே மீண்டும் அணுகி, மறுப்புக்குக் காரணம் இடமின்மையா, தேதியா என்று கேளுங்கள். இடமின்மை என்றால் இடம் மாற்றிக்கொள்ளும் மாணவரின் இசைவு அதைத் தீர்க்கும். சான்றில் உள்ள தேதி தெளிவில்லை என்றால் மருத்துவரிடம் திருத்திய சான்று பெற்றுத் தரலாம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், நம் மாணவர் 20ஆம் தேதி காலை அதே மருத்துவரிடம் பொருக்குகளைக் காட்டி உடற்தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு, பிற்பகலில் துறைக்குப் போய் மிச்சமுள்ள இரண்டு கையெழுத்துகளைப் பெறுவார். 21ஆம் தேதி ஆய்வகத்துக்குப் போகும்போது பதிவேடு, நுழைவுச்சீட்டு, முதல்வர் குறிப்பெழுதிய கடிதத்தின் நகல், தகுதிச் சான்று ஆகிய நான்கும் அவர் கையில் இருக்கும். அன்று மாலையே 24ஆம் தேதி எந்தப் பாடம், எந்த அறை என்று வகுப்பு ஆசிரியரிடம் எழுதி வாங்கிக்கொள்வார்.